தயிருக்கு ஓர் இரவு, சீஸுக்கு ஓர் ஆண்டு – ஏன்?



இரவு சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி அடுக்கிய பிறகு, வீட்டில் கடைசியாக நடக்கும் வேலை ஒன்று உண்டு. காய்ச்சிய பாலை ஆற வைத்து, விரலை விட்டுச் சூடு பார்த்து, ஒரு கரண்டி பழைய தயிரைக் கலக்கி மூடி வைக்கிறீர்கள். காலையில் திறந்தால் கெட்டித் தயிர். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். பாட்டி செய்தார், அம்மா செய்தார், நாமும் செய்கிறோம்.

ஆனால் என்றாவது ஒரு நாள் காலையில் மூடியைத் திறந்து பார்த்தால், ஊற்றிய பால் ஊற்றியபடியே கிடக்கும். சூடு சரி, உறை சரி, பாத்திரமும் சுத்தம். பிறகு ஏன் உறையவில்லை? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் சீஸ் செய்கிறவர்களைத் தூங்கவிடாமல் அடித்த கேள்வியும் இதுவேதான். கட்டுரையின் முடிவுக்குள் பதில் வந்துவிடும்.

சீஸ் என்னும் பாலாடைக்கட்டியும் உறை ஊற்றிச் செய்யப்படுவதுதான். பிறகு ஏன் தயிர் ஓர் இரவில் தயாராகிறது, நல்ல செடார் சீஸ் மட்டும் ஆறு மாதம், ஓராண்டு, சில சமயம் இரண்டாண்டுகூடக் கிடங்கில் காத்துக் கிடக்கிறது? விலையும் அதனால்தானே ஏறுகிறது? விடை உறையில் இருக்கிறது. தயிரின் உறையும் சீஸின் உறையும் செய்யும் வேலை வேறு வேறு.

தயிர்ப் பானைக்குள் இரு கூட்டாளிகள்

முதலில், கடையில் சிறு கிண்ணங்களில் விற்கும் யோகர்ட்டைப் பார்ப்போம். அதன் உறையில் இரண்டு வகைப் பாக்டீரியாக்கள் உண்டு. ஒன்றன் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். மணிமாலை போல வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் உருண்டைகள். மற்றொன்று லாக்டோபேசிலஸ் பல்கேரிக்கஸ். இது குச்சி வடிவம். பல்கேரியா நாட்டைச் சேர்ந்த ஸ்டாமன் கிரிகோரோவ் என்ற இளம் மருத்துவர் 1905-ஆம் ஆண்டு தம் நாட்டுத் தயிரில் இந்தக் குச்சி வடிவப் பாக்டீரியாவைக் கண்டார். அதனால்தான் அதற்கு அந்தப் பெயர்.

இவை இரண்டும் சூடு விரும்பிகள். 42, 43 டிகிரி சூட்டில் மிக வேகமாகப் பெருகும். அதாவது, விரலை விட்டால் நல்ல வெதுவெதுப்பாக, ஆனால் சுடாமல் இருக்கும் பதம். அந்தச் சூட்டிலேயே வைத்திருந்தால் நான்கைந்து மணி நேரத்தில் யோகர்ட் உறைந்துவிடும்.

இரண்டும் ஒன்றுக்கொன்று கைமாற்று கொடுத்துக்கொள்வதுதான் வேடிக்கை. முதலில் வேலையைத் தொடங்குவது உருண்டைகள். அவை வளரும்போது மிகச் சிறிதளவு ஃபார்மிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. ஃபார்மிக் அமிலம் என்றால் உங்களுக்குத் தெரியாததா? ரப்பர்த் தோட்டத்து ஆலையில் மரத்துப் பாலைத் தொட்டியில் ஊற்றி, உறைவதற்காக மேலே கலப்பார்களே, அதே அமிலம்தான். இன்று பல தோட்டங்களில் செம்பனை வந்துவிட்டாலும், அந்த வாடை பழகிய மூக்குகள் நம்மிடையே இன்னும் நிறைய உண்டு. ஆனால் இங்கே அந்த அமிலம் பாலை உறைய வைப்பதில்லை. அதற்குப் போதாத, கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டாத அளவுதான் அது. குச்சிகளுக்கு அது உரம். அதைப் பெற்றுக் குச்சிகள் செழித்து வளர்கின்றன. பதிலுக்கு அவை பாலின் புரதத்தைச் சிறிது சிறிதாக வெட்டி உருண்டைகளுக்கு ஊட்டுகின்றன. இப்படி இருவரும் சேர்ந்தால், தனித்தனியே எடுக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த நேரத்தில் பால் புளித்துவிடும்.

புளிப்பு எங்கிருந்து வருகிறது? பாலில் உள்ள சர்க்கரையை இவை உண்டு லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பாலின் முக்கியப் புரதமான கேசின், பாலில் தனித்தனி உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் இருப்பதால்தான் பால் நீராக ஓடுகிறது. புளிப்பு ஏற ஏற அந்தத் தள்ளும் சக்தி குறைகிறது. ஒரு கட்டத்தில் எல்லாம் கைகோத்து வலை போல நிற்கின்றன. அந்த வலைக்குள் தண்ணீர் முழுவதும் சிறைப்பட்டுப் போகிறது. அதுதான் தயிர். ஒரு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தயிர் கிடைப்பதன் இரகசியமும் அதுதான். எதுவும் வெளியே போகவில்லை.

ஆக, யோகர்ட் உறையிடம் நாம் கேட்பது ஒன்றே: வேகமான, நல்ல மணமுள்ள புளிப்பு. அது கிடைத்ததும் குளிரில் வைத்து, அதன் கையைக் கட்டிவிடுகிறோம். குளிர்ப்பெட்டியிலும் அது மெல்ல மெல்லப் புளிப்பேற்றிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் தயிர் நாள்பட நாள்படப் புளிக்கிறது. தயிரைப் பொறுத்தவரை காலம் நண்பனல்ல.

சீஸின் உறை வேறு ஊர்க்காரர்

இனி செடார் சீஸுக்கு வருவோம். தென்மேற்கு இங்கிலாந்தில் சாமர்செட் மாவட்டத்தில் செடார் என்று ஒரு கிராமம் உண்டு. அதன் அருகே சுண்ணாம்புக் குகைகள். கோடையிலும் குளிர்காலத்திலும் உள்ளே ஒரே குளுமை. அங்கே பிறந்த முறைதான் இன்று உலகெங்கும் போயிருக்கிறது.

இதன் உறையில் இருப்பவை லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற இனத்தின் வகைகள். இவற்றுக்குப் பிடித்தது 30 டிகிரி. நம் ஊர்ப் பகல் வெயிலின் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரியைத் தாண்டினால் இவை சோர்ந்து நின்றுவிடும். யோகர்ட் கூட்டாளிகளோ அந்தச் சூட்டில்தான் கோலாகலமாக வேலை செய்வார்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். நாம் வீட்டில் ஊற்றும் உறைமோர், கடை யோகர்ட்டின் உறை போன்றதன்று. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த கலப்புக் கூட்டம் அது. மேசைமேல் சாதாரணச் சூட்டில் இரவெல்லாம் உறைவதால், யோகர்ட் வகையோடு, செடாரின் உறைக்கு உறவான லாக்டோகாக்கஸும் அதில் பெரும்பாலும் குடியிருக்கும்.

அப்படியானால் நம் உறைமோரை ஊற்றிச் சீஸ் செய்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். சீஸ் செய்கிறவர் தம் உறையிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறார். ஒன்று முதல் நாளில் முடியும். மற்றொன்று, அந்தப் பாக்டீரியா செத்த பிறகுதான் தொடங்கும்!

முதல் நாள் வேலை

ஒரு பண்ணையில் 250 லிட்டர் பாலில் செடார் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு நாளை நாமும் கூடவே நின்று பார்ப்போம்.

காலையில் பாலை 30 டிகிரிக்குச் சூடாக்கி, பாலில் வளர்த்த உறை மூன்று அல்லது நான்கு லிட்டரைக் கலக்குகிறார்கள். ஒரு மணி நேரம் சும்மா விடுகிறார்கள். உறை விழித்துக்கொள்ளும் நேரம் அது. பிறகு 75 மில்லியளவு ரென்னெட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறார்கள்.

ரென்னெட் என்பது பாலை உறைய வைக்கும் ஒரு நொதி. நொதி என்றால் என்ன? கண்ணுக்குத் தெரியாத கத்தரிக்கோல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது கேசின் உருண்டையின் மேலுள்ள மயிர்களைக் கத்தரித்துவிடுகிறது. மயிர் போனதும் உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. முக்கால் மணி நேரத்தில் பால் கெட்டியாகிவிடும். வாயில் வைத்தால் புளிப்பே இருக்காது. தயிர் புளிப்பால் உறைகிறது, சீஸ் கத்தரியால் உறைகிறது. இந்த வேறுபாடு மிக முக்கியம். ஏனென்றால் கத்தரியால் உறைந்த கட்டி சுருங்கும். சுருங்கச் சுருங்கத் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். தயிர் வலையோ தண்ணீரை விடாது.

உறைந்த பாலைக் கொண்டைக்கடலை அளவுத் துண்டுகளாகக் கத்தியால் நறுக்கி, மெதுவாகக் கிளறியபடி 39 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். துண்டுகள் சுருங்கி, மஞ்சள் கலந்த பச்சை நிறத் தெளிநீர் பிரிகிறது. அதை வடித்துவிடுகிறார்கள். பாலில் இருந்த சர்க்கரையில் பெரும்பங்கு அந்தத் தெளிநீரோடு ஓடிவிடும்.

மீந்த கட்டியைப் பாளம் பாளமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுகிறார்கள். இந்த வேலைக்கே செடாரிங் என்று பெயர். இந்த நேரமெல்லாம் உறை உள்ளே புளிப்பேற்றிக்கொண்டே இருக்கிறது. சரியான புளிப்பு வந்தபின் பாளங்களை விரல் பருமனில் அரைத்து, அரைக் கிலோ உப்பைக் கலந்து, துணி போட்ட அச்சில் நிரப்பி அழுத்துகிறார்கள். 250 லிட்டர் பாலிலிருந்து கிடைப்பது சுமார் 25 கிலோ எடையுள்ள ஒரே ஒரு வட்டம். அதாவது பத்து லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ.

உப்பு ஏன்? சுவைக்கு மட்டுமல்ல. உறையின் வேகத்தை அடக்குவதற்கும்தான். கட்டியில் மிச்சம் இருக்கும் பால் சர்க்கரையை அது கொஞ்ச நாளில் தின்று தீர்த்துவிடும். பிறகு தீனி இல்லை. உப்பும் புளிப்பும் சூழ்ந்திருக்கின்றன. உறைப் பாக்டீரியா ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்குகிறது.

செத்த பிறகு செய்யும் வேலை

அன்று செய்த செடாரை மறுநாள் அறுத்துத் தின்றால் எப்படி இருக்கும்? ரப்பர் போல நெகிழும். பல்லில் கீச்சென்று சத்தம் போடும். உப்பும் லேசான புளிப்பும் பால் வாசமும் தவிர வேறு சுவை இல்லை. காசு கொடுத்து வாங்கியவர் ஏமாந்தோம் என்றுதான் நினைப்பார்.

அந்த வட்டத்தைப் பத்து டிகிரி அளவுள்ள குளுமையான கிடங்கில் பலகைமேல் வைக்கிறார்கள். பழைய முறையில் பன்றிக் கொழுப்பைத் தடவிய துணியைச் சுற்றுவார்கள். ஆலைகளில் இப்போது காற்றில்லாத பிளாஸ்டிக் பையில் அடைக்கிறார்கள். அதன்பின் உள்ளே நடப்பதைக் கவனியுங்கள்.

முதல் சில வாரங்கள் ரென்னெட்டின் காலம். ஊற்றிய ரென்னெட்டில் பெரும்பகுதி தெளிநீரோடு போய்விட்டாலும், ஒரு சிறுபங்கு கட்டியிலேயே தங்கிவிடுகிறது. கத்தரிக்கோலுக்கு ஓய்வு ஏது? ரப்பர் போல இழுத்துப் பிடித்திருக்கும் கேசின் வலையின் கயிறுகளை அது ஆங்காங்கே வெட்டுகிறது. கட்டி மெத்தென்று ஆகிறது. கீச்சுச் சத்தம் போய்விடுகிறது. ஆனால் வெட்டிய துண்டுகள் நீளமானவை. அவற்றுள் சில கசக்கும். இந்தக் கட்டத்திலேயே நின்றுவிட்டால் சீஸ் மென்மையாக இருக்கும், ஆனால் கசப்பாக இருக்கும்.

இங்குதான் உறை தன் இரண்டாவது வேலையைச் செய்கிறது. செத்த பாக்டீரியாவின் உடல் வெடித்து, அதற்குள் இருந்த நொதிகள் வெளியே சிந்துகின்றன. இவை சிறிய, கூர்மையான கத்தரிக்கோல்கள். ரென்னெட் விட்டுப் போன நீளத் துண்டுகளை இவை இன்னும் சின்னஞ்சிறிதாக நறுக்கி, கடைசியில் அமினோ அமிலங்கள் என்ற தனித்தனி மணிகளாகப் பிரித்துவிடுகின்றன. கசந்த துண்டு கசப்பை இழக்கிறது. அமினோ அமிலங்களில் ஒன்றான குளூட்டமிக் அமிலம் நாக்கில் ஊறும் அந்தக் குழம்புச் சுவையைத் தருகிறது. மற்றவை மேலும் மாறிப் பலவகை மணங்களாகின்றன.

நமக்குப் புரியாத ஒன்றல்ல இது. சிறிய கூனியை உப்பிட்டுப் புளிக்க வைத்தால் பெலாச்சான் ஆகிறது. சோயா மொச்சையை உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவிட்டால் கிச்சாப் ஆகிறது. பச்சைக் கூனிக்கும் அவித்த மொச்சைக்கும் இல்லாத அந்தச் சுவை எங்கிருந்து வந்தது? புரதம் நறுக்கப்பட்டு அமினோ அமிலமானதிலிருந்துதான். சீஸிலும் அதே கதை.

இந்த வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது? பாக்டீரியாக்கள் எல்லாம் ஒரே நாளில் சாவதில்லை. வாரக்கணக்கில் ஒவ்வொன்றாகச் செத்து நொதியைச் சிந்துகின்றன. கட்டியில் தண்ணீர் குறைவு. ஆகவே நொதி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எளிதில் நகர முடியாது. உப்பும் குளிரும் சேர்ந்து அதன் கையை மேலும் தாமதப்படுத்துகின்றன.

இடையில் மூன்றாவது கூட்டம் ஒன்றும் நுழைகிறது. பாலிலிருந்தும் பண்ணையின் காற்றிலிருந்தும் யாரும் அழைக்காமல் வந்த வேறு லாக்டோபேசிலஸ் வகைகள் அவை. முதல் நாள் ஒரு கிராமில் சில நூறு இருந்தவை, இரண்டு மூன்று மாதத்தில் கோடிக்கணக்காகிவிடும். ஒரே முறையில் செய்தும் இரு பண்ணைகளின் சீஸ் வெவ்வேறு சுவை கொள்வதற்கு இவையும் ஒரு காரணம்.

மூன்று மாதத்தில் அறுத்தால் சாதுவான சீஸ். ஆறு மாதத்தில் சுவை தெளிவாகத் தெரியும். ஓராண்டில் நாக்கைச் சுண்டும் காரசாரம். சிலவற்றில் வெள்ளை மணல்போல் நறநறவென்று ஏதோ கடிபடும். பூசணம் என்று பயப்பட வேண்டாம். லாக்டிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்தோ, ஒருவகை அமினோ அமிலம் தனித்துச் சேர்ந்தோ படிந்த படிகம் அது.

சூடேற்றி அவசரப்படுத்த முடியாதா?

முடியும், ஓரளவு. கிடங்கின் சூட்டைப் பத்திலிருந்து பதினைந்து டிகிரிக்கு உயர்த்தினால் பழுப்பது விரைவாகும். ஆனால் கத்தரிக்கோல்கள் மட்டும் வேகமெடுப்பதில்லை. வேண்டாத கிருமிகளும் எழுந்துவிடும். வாயு உண்டாகிக் கட்டி உள்ளே பிளக்கும். அழுகல் வாடை வரும். நம் வீட்டு 30 டிகிரிச் சூட்டில் வைத்தாலோ, கொழுப்பு உருகி எண்ணெயாக வழிந்து, மேலே பூசணம் படர்ந்து, பண்டமே பாழ். தோட்டத்து வீட்டில் செடார் பழுக்க வைக்க முடியாததற்குக் காரணம் திறமைக் குறைவல்ல. மாதக்கணக்கில் பத்து டிகிரியில் நிற்கும் இடம் நம்மிடம் இல்லை. சாதாரணக் குளிர்ப்பெட்டியோ அதைவிடக் குளிர்ந்தது, உலர்ந்தது.

யோகர்ட் கூட்டாளிகளை வைத்துச் சீஸ் செய்வதே இல்லையா என்று கேட்கலாம். செய்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் எம்மென்டாலும் இத்தாலியின் பார்மிஜானோவும் 50 டிகிரிக்கு மேல் சூடேற்றிச் செய்யப்படுபவை. அந்தச் சூட்டில் செடாரின் உறை மாண்டுவிடும். ஆகவே அங்கே சூடு தாங்கும் யோகர்ட் உறவினர்களே உறை. செய்முறையில் எவ்வளவு சூடு உண்டோ, அதற்கேற்ற உறையைத் தேர்கிறார்கள். செடாரில் யோகர்ட் உறையை மட்டும் ஊற்றினால், அது பால் சர்க்கரையில் ஒரு பாதியைத் தின்றுவிட்டு மறுபாதியைப் பெரும்பாலும் மிச்சம் வைக்கும். அந்த மிச்சம் பின்னால் வேண்டாத விருந்தாளிகளுக்குத் தீனியாகி, கட்டிக்குள் வாயுவும் பிளவும் தோன்றலாம்.

உறை தவறினால்

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

சீஸ் பண்ணையில் புளிப்பு ஏறுகிறதா என்று மணிக்கு ஒருமுறை பார்ப்பார்கள். பழைய காலத்தில் கட்டியைச் சூடான இரும்பில் தொட்டு இழுத்து, எவ்வளவு நீளம் நூல் வருகிறது என்று அளந்தார்கள். புளிப்பு ஏற ஏற நூல் நீளும். இப்போது கருவி வைத்து அளக்கிறார்கள். சில நாள்களில், நேற்று வரை நன்றாக வேலை செய்த உறை, இன்று இரண்டு மணி நேரம் கழித்துத் திடீரென்று நின்றுவிடும். ரென்னெட்டால் பால் உறைந்துவிட்டிருக்கும். கட்டி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். புளிப்பு மட்டும் ஏறாது.

1935-ஆம் ஆண்டு நியூசிலாந்தில் ஒயிட்ஹெட், காக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவையே தாக்கிக் கொல்லும் ஒருவகை வைரஸ். ஃபேஜ் என்பது அதன் பெயர். மனிதரை அது ஒன்றும் செய்யாது. ஆனால் தொட்டியிலுள்ள உறையைச் சில மணி நேரத்தில் அழித்துவிடும். பண்ணையில் சிந்திக் கிடக்கும் தெளிநீரில் பெருகி, காற்றிலேறி அடுத்த தொட்டிக்குப் போகும். ஒரு வகை உறையைத் தாக்கும் ஃபேஜ் வேறு வகையைப் பெரும்பாலும் தொடாது. அதனால் இன்று ஓர் உறை, நாளை வேறோர் உறை என்று மாற்றி மாற்றி ஊற்றும் வழக்கம் வந்தது.

புளிக்காமல் நின்றால் என்ன நட்டம்? பால் போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து உயிருக்கு. கைப்புண்ணிலும் மாட்டின் மடிநோயிலும் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி, புளிப்பு ஏறாத வெதுவெதுப்பான கட்டியில் பெருகி நஞ்சைக் கக்கும். கிருமி பிற்பாடு செத்தாலும் நஞ்சு மாதக்கணக்கில் கட்டியிலேயே இருக்கும். சூடு காட்டினாலும் எளிதில் போகாது. தின்றவருக்குச் சில மணி நேரத்தில் கடும் வாந்தி. ஆகவே, பழுக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது தவறு. முதல் நாள் புளிப்புதான் காவல்காரன். காவல்காரன் இல்லாத கட்டியைக் கிடங்கில் வைக்கக் கூடாது.

உறை தவறுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது நம் வீட்டு வாசலுக்கே வரக்கூடியது. மடிநோய் வந்த மாட்டுக்குப் பென்சிலின் போன்ற மருந்து கொடுத்தால், அது சில நாள்களுக்குப் பாலிலும் இறங்கும். பாக்டீரியாவைக் கொல்லத்தானே அந்த மருந்து? நோய்க் கிருமி எது, உறைக் கிருமி எது என்று அதற்குத் தெரியாது. பாலைக் காய்ச்சினாலும் மருந்து முழுதாக அழிவதில்லை.

ஆகையால் உங்கள் வீட்டுத் தயிர் உறையாமல் போனால், ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாலில் விரல் வைக்க முடியாத சூட்டில் உறையைக் கலந்தீர்களா? உறை வெந்து செத்திருக்கும். உறை பல நாள் பழசா? அதில் உயிர் குறைந்திருக்கும். மழைக்குளிரா? இன்னும் சில மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்தால் உறையும். இவை எதுவும் இல்லாமல், மாட்டுப் பட்டியில் வாங்கிய பால் மட்டும் உறையவில்லை என்றால், அதே உறையை வேறு பாலில் ஊற்றிச் சோதியுங்கள். அது உறைந்தால், பால்காரரிடம் மாட்டுக்கு ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். மருத்துவர் சொல்லும் நாள் கணக்கு முடியும்வரை அந்தப் பாலை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரருக்கு அது தீங்கு செய்யலாம்.

வாங்கும்போது கவனிக்க

மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். ரென்னெட் பழங்காலம் தொட்டு இளங்கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டு வந்தது. கன்றில்லாமல், நுண்ணுயிர் கொண்டு அதே நொதியை உண்டாக்கும் முறைக்கு 1990-ஆம் ஆண்டு அமெரிக்கா அனுமதி தந்தது. இன்று ஏராளமான சீஸ் வகைகள் அப்படிப்பட்ட ரென்னெட்டால்தான் செய்யப்படுகின்றன. மேலுறையில் 'மைக்ரோபியல் ரென்னெட்' என்றோ 'வெஜிடேரியன்' என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே 'ரென்னெட்' என்று இருந்தால் எது என்று சொல்ல முடியாது.

தாள் தாளாகச் சுற்றி வரும் மெல்லிய சீஸ், பழுத்த சீஸை உருக்கி, வேறு உப்புகள் கலந்து வார்த்தது. சூட்டில் உறையும் நொதியும் அடங்கிவிடுவதால் அது மேலும் பழுக்காது. எத்தனை மாதம் வைத்தாலும் அதே சுவைதான். துண்டாக அறுத்து விற்கும் செடாரில்தான் நாம் பேசிய கதை நடக்கிறது.

வாய்ப்புக் கிடைத்தால் 'மைல்டு' என்று எழுதிய சிறு துண்டையும் 'மெச்சூர்' என்று எழுதிய சிறு துண்டையும் அடுத்தடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். பாலும் உறையும் உப்பும் ஒன்றுபோலவே இருந்தாலும், முன்னது வளைந்து கொடுக்கும், பின்னது உதிர்ந்து நாக்கில் ஊறும். இரண்டுக்கும் இடையே உள்ளது, செத்துப்போன உறை இருட்டுக் கிடங்கில் மாதக்கணக்கில் செய்த வேலை.

இன்றிரவு நீங்கள் ஊற்றப்போகும் உறைக்கு அவ்வளவு பொறுமை வேண்டியதில்லை. காலையில் திறந்ததும் கெட்டியாக இருந்தால் அதன் வேலை முடிந்தது. ஒரு கரண்டியை மட்டும் நாளைக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.